பாம்பு திரும்பும்போது மட்டும் வால் வழுக்குகிறது, யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம். அனிமேஷனில் 24 மூட்டுகள் உள்ள ஒரு பாம்பை, தலையிலிருந்து வாலுக்கு ஓடும் அலையால் நகர்த்துகிறேன். 0 என்பது தலை:

```
phase += rate * dt
angle[i] = A * sin(k*i - phase) + turn
```

k 30 டிகிரி, அதனால் ஒரு முழு அலைக்கு 12 மூட்டு. ஒவ்வொரு துண்டும் 5 செ.மீ., அலை நொடிக்கு ஒரு சுற்று ஓடினால் உடல் தன் வளைவின் வழியே நொடிக்கு 60 செ.மீ. போக வேண்டும், நேர்கோட்டில் பார்த்தால் அதைவிடக் குறைவு. இந்தக் கணக்குப்படி ஓட்டினால் தலை போன தடத்திலேயே வாலும் அழகாகப் போகிறது. இதே அலையை மீனுக்கும் வைத்தேன், A-ஐ மட்டும் தலைப்பக்கம் சிறிதாகவும் வால்பக்கம் பெரிதாகவும் மாற்றினால் போதும், தண்ணீரில் கொஞ்சம் வழுக்கினாலும் யாருக்கும் உறுத்தாது.

சிக்கல் turn-இல்தான். அதை ஏற்றியதும் எல்லா மூட்டும் ஒரே நொடியில் வளைந்து, வால் தரையில் பக்கவாட்டில் துடைத்துக்கொண்டு போகிறது. திருப்பமும் அலை மாதிரியே தலையில் தொடங்கிப் பின்னால் நகர வேண்டும் என்று நினைக்கிறேன்.

அதற்கு turn மதிப்புகளை வரிசையில் சேமித்து, உடல் 5 செ.மீ. நகரும்போதெல்லாம் ஒரு மூட்டு பின்னுக்குத் தள்ளுவது சரியா? அப்படித் தள்ளினால் கோணம் படிப்படியாகக் குதிக்குமே, இடையில் எப்படி நிரப்புவீர்கள்? இல்லை, அலையையே விட்டுவிட்டு, தலை போன பாதையைப் பதிந்து அதன்மேல் துண்டுகளை வைப்பதுதான் நல்லதா? பாம்பு பின்னோக்கியும் நகர வேண்டும், அப்புறம் வேகம் அடிக்கடி மாறும். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.