யூடியூப்பில் முதல் எச்சரிக்கை வந்திருக்கிறது. இது ஸ்ட்ரைக் கணக்கில் சேருமா?

நீடாமங்கலம் வயல்காட்டான்:
எல்லோருக்கும் வணக்கம். ஊர், வயல், ஆறு என்று எடுத்துப் போடும் சின்ன சேனல் வைத்திருக்கிறேன். மேட்டூர் திறந்து எங்கள் பக்கம் தண்ணீர் வந்த அன்று, பாலத்துக் கட்டையிலிருந்து பையன்கள் வெண்ணாற்றில் குதிப்பதை எடுத்து ஜூன் 19 அன்று போட்டேன். 21ஆம் தேதி காலையில் வீடியோவைக் காணோம். சிறுவர் பாதுகாப்புக் கொள்கையை மீறியதால் நீக்கிவிட்டோம், இது எச்சரிக்கை என்று மின்னஞ்சல் வந்திருந்தது.

வருமானத்துக்கு விண்ணப்பிக்கும் நேரம். 1,000 சந்தாதாரர் தாண்டியாயிற்று, 4,000 மணி நேரத்துக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. ஸ்டூடியோவில் `Channel violations` என்று ஒரு பெட்டி புதிதாக முளைத்திருக்கிறது. இதுவும் ஸ்ட்ரைக்கும் ஒன்றா? சனிக்கிழமைக்கு குறுவை நடவு வீடியோவை நேரம் குறித்து வைத்திருக்கிறேன், அது வருமா? நீக்கிய வீடியோவை நானே டெலிட் செய்தால் இந்தப் பெட்டி போய்விடுமா?

கும்பகோணம் டிகிரி:
தம்பி, எச்சரிக்கை வாழ்நாளுக்கு ஒரு தடவைதான். அது சேனலில் ஒட்டினால் ஒட்டினதுதான், போகவே போகாது. அடுத்த தடவை எதைச் செய்தாலும் நேரே ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் சேனலே காலி. ஜாக்கிரதை.

திருவையாறு நாயனம்:
எனக்கும் இதே தொல்லைதான். கோயில் கச்சேரி வீடியோ போட்டேன், பின்னால் ஓடிய பாட்டு தங்களுடையது என்று ஒரு கம்பெனி உரிமை கோரிவிட்டது. அந்த வீடியோவில் வரும் பணம் எல்லாம் அவர்களுக்குப் போகிறது. அந்தப் பாட்டை மட்டும் வெட்டினேன், சரியாகிவிட்டது. நீங்களும் வெட்டிப் பாருங்கள்.

கொள்ளிடக்கரை:
நாயனம் அண்ணே, உங்களுடையது உரிமைக் கோரிக்கை. அது எச்சரிக்கையும் இல்லை, ஸ்ட்ரைக்கும் இல்லை, வேறு வாய்க்கால். வயல்காட்டான் வீடியோவை யூடியூப்பே எடுத்துவிட்டது, வெட்ட அங்கே ஒன்றும் இல்லை.

டிகிரி அண்ணன் சொன்னது 2019இல் வந்த விதி. அப்போது சரிதான். 2023 ஆகஸ்டில் மாற்றிவிட்டார்கள். எச்சரிக்கை வந்தவர் ஒரு சின்னப் பயிற்சியை முடிக்கலாம். முடித்த பிறகு 90 நாள் அதே கொள்கையை மீறாமல் இருந்தால் எச்சரிக்கை கழன்றுவிடும். அந்த 90 நாளுக்குள் அதே கொள்கையில் மாட்டினால் எச்சரிக்கையும் போகாது, ஸ்ட்ரைக்கும் வரும். பயிற்சி முடித்தவர் வேறொரு கொள்கையில் தடுக்கினால் அதற்குத் தனியாக இன்னொரு எச்சரிக்கைதான் வரும். திரும்பத் திரும்ப மாட்டுகிறவர்களுக்குப் பயிற்சி வாய்ப்பைத் தராமலும் போகலாம்.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. ஸ்ட்ரைக் வந்த நாளிலிருந்து 90 நாளில் தானாகவே காலாவதியாகும். எச்சரிக்கை அப்படி இல்லை. பயிற்சியை முடித்த நாளிலிருந்துதான் நாள் ஓடும். முடிக்காவிட்டால் கடிகாரமே ஓடாது, பெட்டி அப்படியே உட்கார்ந்திருக்கும். வயல்காட்டான் ஜூன் 25இல் முடித்தால் செப்டம்பர் 23. “சும்மா எச்சரிக்கைதானே” என்று தீபாவளி வரை விட்டுவைத்தால், தீபாவளியன்றும் அதே எச்சரிக்கைதான், அதற்குமேல் ஒரு மீறல் வந்தால் ஸ்ட்ரைக்.

நீடாமங்கலம் வயல்காட்டான்:
அண்ணே, தலை கொஞ்சம் தெளிந்தது. அப்போ சனிக்கிழமை வீடியோ?

கொள்ளிடக்கரை:
வரும். எச்சரிக்கைக்குத் தண்டனை கிடையாது. அந்த ஒரு வீடியோ போனது, பதிவில் ஒரு குறிப்பு விழுந்தது, அவ்வளவுதான். ஸ்ட்ரைக் என்றால் முதல் தடவைக்கு ஒரு வாரம் வீடியோ போட முடியாது, நேரலை முடியாது, நேரம் குறித்து வைத்ததும் பிரைவேட்டுக்குப் போய்விடும். வாரம் முடிந்ததும் நீங்களே மறுபடி நேரம் குறிக்க வேண்டும். முதலாவது உயிரோடு இருக்கும் அந்த 90 நாளுக்குள் இரண்டாவது வந்தால் இரண்டு வாரம், மூன்றாவது வந்தால் சேனல் நீக்கம்.

வருமான விண்ணப்பத்துக்கு நடப்பில் ஸ்ட்ரைக் இருக்கக் கூடாது என்பது விதி. எச்சரிக்கை அந்தக் கணக்கில் வராது. ஆனால் விண்ணப்பித்தபின் சேனலை மொத்தமாகப் பார்ப்பார்கள், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டெலிட் மட்டும் செய்யாதீர்கள். பெட்டி போகாது, மேல்முறையீடு செய்யும் வழியும் அடைபட்டுவிடும்.

ஒன்று கேட்கிறேன், பையன்களுக்கு என்ன வயது?

நீடாமங்கலம் வயல்காட்டான்:
பத்து, பன்னிரண்டு இருக்கும். ஒருத்தன் என் சித்தப்பா மகன். பெரியவர்கள் கரையில்தான் நின்றோம், ஆனால் வீடியோவில் தெரியாது. நாங்களும் சின்ன வயதில் அதே கட்டையிலிருந்துதான் குதித்தோம்.

கொள்ளிடக்கரை:
நம் கண்ணுக்கு அது விளையாட்டு. பார்த்து முடிவு செய்கிறவருக்கு ஓடுகிற ஆற்றில் பத்து வயதுப் பையன் பாலத்திலிருந்து குதிக்கிறான், பக்கத்தில் பெரியவர் யாரும் இல்லை. ஒரு எச்சரிக்கைக்கு ஒரே மேல்முறையீடுதான். ஜெயித்தால் வீடியோ திரும்பும், எச்சரிக்கை போகும். சில சமயம் வயது வரம்பு போட்டுத் திருப்பித் தருவார்கள். உங்கள் வீடியோவுக்கு வாய்ப்பு குறைவு என்றுதான் எனக்குப் படுகிறது. நானாக இருந்தால் பயிற்சியை முடித்துவிடுவேன்.

மன்னை மீனாட்சி:
எனக்கு டிகிரி அண்ணன் சொன்ன மாதிரிதான் நடந்தது, அதனால் சொல்கிறேன். கிணற்றில் நீச்சல் பழகும் பிள்ளைகள் வீடியோவுக்கு எச்சரிக்கை வந்தது. பயிற்சியும் முடித்தேன். ஒரு மாதத்தில் ஸ்ட்ரைக் வந்து நின்றது. புதிதாக நான் எதுவும் போடவில்லை, இரண்டு வருடம் முந்தைய குளத்து வீடியோ அது. பழசைக் கிளறிப் பார்க்காதது என் தப்பு. ஒரு வாரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

நீடாமங்கலம் வயல்காட்டான்:
ஐயோ. என்னிடம் போன வருடம் அதே பாலத்தில் எடுத்தது இருக்கிறது. ஆடிப்பெருக்கு வீடியோவில் பிள்ளைகள் டயர் ட்யூபில் மிதப்பதும் இருக்கிறது. பிரைவேட் ஆக்கிவிட்டால் போதுமா அக்கா?

கும்பகோணம் டிகிரி:
போதும் போதும். யாரும் பார்க்காததை யார் பிடிப்பார்கள்?

கொள்ளிடக்கரை:
போதாது அண்ணே. கொள்கை பிரைவேட் வீடியோவுக்கும் பொருந்தும். பாலத்து வீடியோவை எடுத்தே விடுங்கள், அதன்மேல் இன்னும் நடவடிக்கை எதுவும் இல்லை என்பதால் நஷ்டமில்லை. ஆடிப்பெருக்கில் ட்யூப் வரும் பகுதியை மட்டும் ஸ்டூடியோ எடிட்டரில் வெட்டினால் பார்வைகளும் கருத்துகளும் அப்படியே நிற்கும்.

நீடாமங்கலம் வயல்காட்டான்:
பயிற்சியை இன்று முடித்துவிட்டேன், சில கேள்விகள்தான். பாலத்து வீடியோவை எடுத்தாயிற்று. ட்யூப் மிதப்பதும் தப்புதானா என்று எனக்கு இன்னும் புரியவில்லை, கரையில் இடுப்பளவுத் தண்ணீர்தான்.

மன்னை மீனாட்சி:
அதை அடித்துச் சொல்ல என்னால் முடியாது. என்னுடையதில் கிணறு போனது, வாய்க்கால் குளியல் இன்னும் நிற்கிறது.

கொள்ளிடக்கரை:
இடுப்பளவுக்கு எடுக்கமாட்டார்கள் என்றுதான் தோன்றும், ஆனாலும் இந்த 90 நாளுக்கு நான் வெட்டிவிடுவேன். கவனிக்க வேண்டியது வேறு: ஆடி பதினெட்டு ஆகஸ்ட் தொடக்கத்தில், உங்கள் கெடு செப்டம்பர் கடைசியில். இந்த வருட ஆடிப்பெருக்கு நடுவில் விழுகிறது.

நீடாமங்கலம் வயல்காட்டான்:
அன்று ஆற்றுப் பக்கமே கேமராவைத் திருப்பாமல் இருக்க முடியுமா அண்ணே? சரி, பிள்ளைகள் சப்பரம் இழுப்பதையும் அம்மா காப்பரிசி கிண்டுவதையும் எடுக்கிறேன். சித்தப்பா மகன்தான் கோபித்துக்கொள்வான்.