ஆசீர்வாத இல்லம் குழு: கிறிஸ்மஸுக்குத் தோலோட ஒரு கோழி

23 டிசம்பர், மாலை

பிரின்சி: கடைக்காரர்கிட்ட மல்லுக்கட்டி தோலோட முழுக் கோழி வாங்கியாச்சு. சுத்தம் பண்ணி 1 கிலோ 600. நாளன்னைக்கு மதியம் ஓடிஜில ரோஸ்ட். போன வருஷம் நெஞ்சுக்கறி சக்கை, தோல் ரப்பர். இந்த வருஷம் முன்னாடியே பிரைன் பண்ணலாம்னு இருக்கேன். யாருக்காவது பழக்கம் உண்டா?

பெரியப்பா: கோழி மூளைல என்னம்மா இருக்கப் போகுது? ஆட்டு மூளைன்னா மிளகு போட்டு வறுக்கலாம்.

பிரின்சி: அந்த பிரெயின் இல்ல பெரியப்பா 😄 உப்புத் தண்ணில ஊறப்போடுறது.

ரோசி சித்தி: உப்புல போட்டா இருக்கிற தண்ணியும் வெளிய வந்துரும். கருவாடு எப்படி ஆகுது? கெட்டித் தயிர், எலுமிச்சை, இஞ்சி பூண்டு, மிளகாத்தூள் தடவி ராத்திரி வை. 20 வருஷமா நான் அப்படித்தான்.

ஸ்டீபன் அத்தான்: நான் போன மாசம் ரூம்ல உப்புத் தண்ணில போட்டேன். வாயில வைக்க முடியல, ஒரே கரிப்பு. அந்தப் பக்கமே போகாத.

ஜெபா அண்ணன்: அத்தான், நீங்க வாங்குனது ஐஸ் கோழியா?

ஸ்டீபன் அத்தான்: ஆமா, ஃப்ரோசன். இங்க அதான் மலிவு.

ஜெபா அண்ணன்: அப்போ கவர் பின்னாடி பாருங்க, உப்பு, தண்ணி சேர்த்ததுன்னு போட்டிருக்கலாம். சில கம்பெனி முன்னாடியே உப்புத்தண்ணி ஏத்திதான் அனுப்புவான். அதை மறுபடி உப்புல போட்டா கரிக்கத்தான் செய்யும். பிரின்சி கோழி கடையில வெட்டுனது, அந்தப் பயம் இல்ல.

சித்தி சொன்னது பாதி சரி. உப்பு முதல்ல தண்ணிய வெளிய இழுக்கும். அந்தத் தண்ணிலயே உப்பு கரைஞ்சு, கொஞ்ச கொஞ்சமா கறிக்குள்ள திரும்பப் போகும். உள்ள போன உப்பு கறியை இளக்கிவிடும், வேகும்போது தண்ணிய அவ்வளவு சீக்கிரம் விடாது. கருவாட்டுக்கு நாம போடுற உப்பு எவ்வளவு, இதுக்கு எவ்வளவு! கிலோவுக்கு 10 கிராம்தான்.

பிரின்சி: அப்போ வாளித் தண்ணில முக்கி வைக்கவா?

ஜெபா அண்ணன்: வேண்டாம். கப்பல்ல ஒரே நேரம் முப்பது கோழி போடும்போது அப்படித்தான் செஞ்சோம், லிட்டருக்கு 50 கிராம் உப்பு. கறி நல்லா இருக்கும். தோல்தான் தண்ணி குடிச்சு ஊதிரும். தோல்ல ஈரம் இருக்கிற வரைக்கும் அடுப்புச் சூடு அதை ஆவியாக்குறதுலயே போயிரும். தோல் வேகும், மொறுமொறுப்பு வராது. உனக்குத் தோல் வேணும்னா வெறும் உப்புதான்.

ரோசி சித்தி: தயிரும் ஈரம்தானே, அப்போ நான் செய்றது தப்பா?

ஜெபா அண்ணன்: தோல் உரிச்ச கோழிக்கு உங்க முறைதான் சித்தி சரி. தோலுக்குப் பதிலா தயிர் கறியை மூடிக்கிடும். தோலோட இருந்தா தயிர் மேல கருகும், அடியில தோல் கொழகொழன்னு கிடக்கும். எலுமிச்சைச் சாறு ராத்திரி முழுக்க இருந்தா மேல்கறி மாவு மாதிரி ஆயிரும், அதையும் பாத்துக்கோங்க.

பிரின்சி: அண்ணே, அளவு சொல்லுங்க. தராசு இல்ல.

ஜெபா அண்ணன்: உன் கோழிக்கு 16 கிராம். தூள் உப்புன்னா டீஸ்பூன்ல தலை தட்டி இரண்டரை. கல் உப்பை அப்படியே அளக்காத, ஸ்பூன்ல இடைவெளி விழும், கணக்கு தப்பும். அதோட மிளகுத்தூள் ஒரு ஸ்பூன், பேக்கிங் பவுடர் ஒரு ஸ்பூன். சோடா மாவு இல்ல, சோப்பு மாதிரி கசக்கும்.

முதல்ல கோழியை டிஷ்யூவால ஒத்தி எடு, வயித்துக்குள்ளயும். கழுத்துப் பக்கமா விரலை விட்டு நெஞ்சுத் தோலை மெதுவா கிளப்பு, கிழியக் கூடாது. பேக்கிங் பவுடர் சேக்குறதுக்கு முன்னாடி பாதி உப்பைத் தனியா எடுத்து, அந்தத் தோலுக்கு அடியிலயும் தொடையிலயும் தேய். மிச்சத்துல பவுடர், மிளகு கலந்து தோல் மேல தூவு. அப்புறம் கம்பி ஸ்டாண்டுல வச்சு, அடியில தட்டு போட்டு, மூடாம ஃப்ரிட்ஜுல வை.

அம்மா: மூடாமயா? மாவுச் சட்டி, பால், பூ எல்லாம் உள்ள இருக்கு! முதல்ல மஞ்சள் போட்டுக் கழுவாம எதுவும் என் ஃப்ரிட்ஜுக்குள்ள போகாது.

ஜெபா அண்ணன்: அத்தை, கழுவுனா சிங்க் சுத்தி எல்லாம் தெறிக்கும், வேகும்போது கிருமி தானா செத்துரும். கழுவியே ஆகணும்னா ரெண்டு மடங்கு ஒத்தி எடுங்க. கோழி அடித்தட்டுல இருக்கட்டும், மாவுச் சட்டி மேல போகட்டும். சொட்டுனாலும் எதுலயும் விழாது.

அம்மா: கழுவியாச்சு.

இரவு 10:40

பிரின்சி: அண்ணே, தோல் மேல முத்து முத்தா தண்ணி நிக்குது! சித்தி சொன்னதுதான் நடக்குது.

ரோசி சித்தி: 🙏

ஜெபா அண்ணன்: துடைக்காத. காலைல பாரு. இந்த நேரத்துல எடுத்து அடுப்புல வச்சாத்தான் நஷ்டம்.

24 டிசம்பர், காலை

பிரின்சி: தண்ணியக் காணோம். தோல் எண்ணெய்க் காகிதம் மாதிரி ஒட்டிக்கிட்டு, அடியில கறி மங்கலா தெரியுது. கெட்டுப் போச்சா?

ஜெபா அண்ணன்: அதுக்குத்தான் மூடாம வைக்கச் சொன்னேன். நாளைக்கு வரைக்கும் அப்படியே விடு.

ஸ்டீபன் அத்தான்: மைக்ரோவேவ்ல இது வருமா?

ஜெபா அண்ணன்: கன்வெக்ஷன் இருந்தா வரும். வெறும் மைக்ரோவேவ்னா கோழி சூப்புதான் அத்தான்.

25 டிசம்பர், காலை 10:15

ஜெபா அண்ணன்: பிரின்சி, ஓடிஜி 200ல இருபது நிமிஷம் காயட்டும். மேல கம்பி, கீழ கம்பி ரெண்டும், ஃபேன் இருந்தா அதுவும். கீழ் அடுக்குல வை. தோல்ல எண்ணெய் ஒரு ஸ்பூன் போதும். மிளகாத்தூள் மேல வேண்டாம், கருகிக் கசக்கும்.

பிரின்சி: 40 நிமிஷத்துல நெஞ்சு நல்லா செவந்துருச்சு. எடுத்துரவா?

ஜெபா அண்ணன்: நிறத்தை நம்பாத, கம்பி பக்கத்துல இருக்குல்ல. நெஞ்சு மேல மட்டும் சின்ன ஃபாயில் துண்டு போடு. தெர்மாமீட்டர் இருக்கா?

பிரின்சி: இல்ல.

ஜெபா அண்ணன்: ஒரு மணி நேரம் தாண்டி, தொடை உடம்போட சேர்ற இடத்துல ஆழமா குத்து. சாறு ரோஸ் கலர்ல வந்தா இன்னும் பத்து நிமிஷம். கால் எலும்பை ஆட்டுனா லூசா ஆடணும். தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கிரு, நெஞ்சுல 74 டிகிரின்னு பாத்து எடுத்தா இந்தத் தடுமாற்றமே இல்ல. எடுத்தப்புறம் கால் மணி நேரம் மூடாம விடு. மூடுனா ஆவி பட்டு தோல் நமத்துரும்.

மதியம் 1:50

பிரின்சி: 1 மணி 15 நிமிஷம் ஆச்சு. நெஞ்சுத் தோல் அப்பளம் மாதிரி நொறுங்குது! நெஞ்சை வெட்டுனா பலகையில சாறு. ஆனா முதுகுப் பக்கம் தோல் வழவழன்னு கிடக்கு, அதை யாரும் தொடல.

ஜெபா அண்ணன்: ட்ரேயில நேரா வச்சியோ?

பிரின்சி: ஆமா, ஃப்ரிட்ஜுல வச்ச ஸ்டாண்டு ஓடிஜிக்குள்ள போகல.

ஜெபா அண்ணன்: தன் சாறுலயே உக்காந்து வெந்துருக்கு. அடுத்த தடவை ஓடிஜியோட கம்பித் தட்டு மேல வச்சு, ட்ரேயைக் கீழ போடு.

அம்மா: கழுவுனதாலதான் கவுச்சி அடிக்கல.

ரோசி சித்தி: சாப்பிட்டேன். கறி பஞ்சு, ஒத்துக்கிறேன். ஆனா மசாலா உள்ள ஏறவே இல்ல, வெறும் உப்புதான் தெரியுது.

ஜெபா அண்ணன்: உப்பு மட்டும்தான் அவ்வளவு ஆழம் போகும் சித்தி. மசாலா தயிர்ல வச்சாலும் மேலோடதான் நிக்கும். ட்ரேயில நின்ன சாறுல மசாலா வதக்கிக் குழம்பா ஊத்தலாம், ருசி அங்கதான்.

ரோசி சித்தி: என் கோழில உள்ள வரைக்கும் ஏறும். வருஷப் பிறப்புக்கு ரெண்டு கோழி சொல்லு பிரின்சி. ஒண்ணு உன் உப்பு, ஒண்ணு என் தயிர்.

பிரின்சி: உங்களுக்குத் தோல் உரிச்சதா சித்தி?

ரோசி சித்தி: தோலோடயே சொல்லு. நான் பாத்துக்கிறேன்.

பெரியப்பா: ஈரல் எங்க? யாரு எடுத்தா?