துணைத்தலைப்பா, தாங்குவரியா?

காட்பாடியிலிருந்து:
வணக்கம். இணையதள முகப்பில் பெரிய எழுத்தில் ஒரு வரி, அதன் கீழே சிறியதாய் இன்னொன்று. கீழே வருவதைத் துணைத்தலைப்பு என்கிறோம். பெயரைக் கேட்டதும் எழுதுபவர் இன்னொரு தலைப்பையே எழுதிவிடுகிறார். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களை நம்பி நடக்கும் ஒரு லாட்ஜின் பக்கம்:

> வேலூரில் வசதியான தங்குமிடம்
> வேலூர் வருவோருக்கு எல்லா வசதிகளும் கொண்ட அறைகள்

கீழ்வரியை விரலால் மறைத்துப் பாருங்கள், எதுவும் குறையாது. ‘தாங்குவரி’ என்று வைக்கலாமா?

ஆரணியிலிருந்து:
மேலே சுருக்கம், கீழே விரிவு, அவ்வளவுதானே? எங்கள் கடைப் பக்கத்தில் மேலே ‘அசல் ஆரணிப் பட்டு’, கீழே ‘கைத்தறியில் நெய்த அசல் ஆரணிப் பட்டுப் புடவைகள்’. ஊர்ப்பெயர் இரண்டிலும் இருந்தால்தானே கூகுளில் வரும்?

காட்பாடியிலிருந்து:
விரிவு என்று நினைத்தால் இப்படித்தான் ஆகும் ஐயா. உங்கள் கீழ்வரியில் புதிதாக இருப்பது ‘கைத்தறி’ மட்டும். ஊர்ப்பெயர் `title`-இல் ஒருமுறை, `h1`-இல் ஒருமுறை போதும். மேல்வரியைப் படித்தவர் அடுத்து என்ன கேட்பார்? அதற்குப் பதில்தான் கீழ்வரி. லாட்ஜுக்கு வருகிறவருக்குச் சிகிச்சை எத்தனை நாள் ஆகும் என்று தெரியாது, தினமும் ஓட்டல் சாப்பாடும் கட்டாது. அதனால் முதலில் மேல்வரியை மாற்றினேன்:

> வேலூரில் சிகிச்சை முடியும்வரை தங்க, சமையலறையோடு அறை

இதைப் படித்தவர் ‘எவ்வளவு தூரம், நாள் கூடினால் என்ன செய்வது?’ என்பார்.

> ஆஸ்பத்திரி வாசலுக்கு 5 நிமிட நடை. நாள் கூடினாலும் அதே வாடகை.

லாட்ஜ்காரர் இரண்டாவதற்கு ஒப்புக்கொள்ளாவிட்டால் அதை எடுத்துவிட வேண்டியதுதான். ‘எல்லா வசதிகளும்’ என்று திரும்பப் போகக் கூடாது.

குடியாத்தத்திலிருந்து:
தேடும்போது தலைப்புக்குக் கீழே வருமே, அந்த இரண்டு வரியா? அதற்கு ‘விவரிப்பு’ போதாதா?

ராணிப்பேட்டையிலிருந்து:
அது வேறு அம்மா, பக்கத்துக்குள் தெரியாது. இது பக்கத்திலேயே இருப்பது. ‘துணைத்தலைப்பு’ நிரலையும் கெடுக்கிறது. பெயரை நம்பி `h2` போட்டுவிடுகிறார்கள். அங்கே புதிய பகுதி தொடங்குவதாக ஆகி, திரைவாசிப்பானின் தலைப்புப் பட்டியலிலும் அது ஏறிவிடும். சரியானது இது:

```html
<hgroup>
  <h1>மேல்வரி</h1>
  <p>கீழ்வரி</p>
</hgroup>
```

ஆகவே பெயரில் ‘தலைப்பு’ வேண்டாம் என்பதில் உடன்படுகிறேன். ஆனால் ‘தாங்குவரி’ என்றால் நகராட்சி புதிதாகப் போட்ட வரி மாதிரி இருக்கிறதே! ‘தாங்குரை’ எப்படி?

காட்பாடியிலிருந்து:
‘உரை’ என்றால் பத்தி பத்தியாய் எழுதுவார்கள். இரண்டு வாக்கியத்துக்கு மேல் போனால் கைபேசியில் பொத்தான் திரைக்குக் கீழே இறங்கிவிடும்.

ஆரணியிலிருந்து:
பெயரை அப்புறம் பார்ப்போம். என் கீழ்வரியில் நெய்ய எத்தனை நாள் ஆகும் என்று போடலாமா, விலை எங்கே தொடங்குகிறது என்று போடலாமா?