ஐவர் எழுதிய சுருக்கங்களை ஒரே கையேடாக்குவதில் உதவி தேவை

வணக்கம். நண்பர்கள் ஐவர் வெப்ப இயக்கவியலின் ஐந்து அலகுகளை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டு சுருக்கம் எழுதினோம். தொகுக்கும் பொறுப்பு என்னுடையது. முதல் அலகை எழுதியவர் வாயு செய்யும் வேலையை W எனக் கொண்டு ΔU = Q − W என்றும், நான்காம் அலகை எழுதியவர் வாயுவின் மீது செய்யப்படும் வேலையை W எனக் கொண்டு ΔU = Q + W என்றும் எழுதியிருக்கிறார்கள். தனித்தனியே இரண்டும் சரிதான். ஒரே கையேட்டில் சேரும்போதுதான் ஆபத்து.

வாயு 500 ஜூல் வெப்பத்தை ஏற்று 200 ஜூல் வேலை செய்தால், அதன் அக ஆற்றல் 300 ஜூல் உயர வேண்டும். முதல் அலகில் படித்த W = 200 என்பதை நான்காம் அலகின் சூத்திரத்தில் இட்ட தோழிக்கு 700 ஜூல் என்று விடை வந்தது.

நான்காம் அலகைத் திருத்தத் தொடங்கியிருக்கிறேன். சூத்திரத்தை மாற்றுவது எளிது. ஆனால் தீர்த்துக் காட்டிய கணக்குகளில் W வரும் ஒவ்வொரு வரியிலும் குறி மாற வேண்டும், ஓரிடம் விடுபட்டாலும் எளிதில் கண்ணில் படாது. திருத்தத்தை எழுதியவரிடமே ஒப்படைத்து, வேறொருவர் விடையைப் பார்க்காமல் அக்கணக்குகளைப் போட்டுப் பார்ப்பது போதுமா? அல்லது எழுதத் தொடங்கும் முன்பே குறியீட்டுப் பட்டியல் ஒன்றை முடிவு செய்துகொண்டவர்கள் இங்கு இருந்தால், அதில் எவற்றையெல்லாம் சேர்த்தீர்கள் என்று தயவுசெய்து தெரிவியுங்கள்.