புதுப்பிப்பு: சமுதாயக்கூடச் சீரமைப்பு நிதி

"ஏனுங்க, காரை உதிர்ந்த இடத்துல மறுபடி பூசினாப் போதாதுங்களா? எதுக்கு ரெண்டு லட்சம்?"

போதாதுங்க. பந்தி போடும் இடத்துக் கூரையைக் கொத்தனார் சுத்தியலால் தட்டிக் காட்டினார். பாதி இடத்தில் பொள்ளல் சத்தம். உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பித்தான் கான்கிரீட் பிளந்திருக்கிறது. கம்பி தெரியும்வரை கொத்தி, துருவைத் தேய்த்தெடுத்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, அப்புறம்தான் பாலிமர் கலவை. அதற்கு 1,20,000 ரூபாய். மொட்டை மாடியில் ஒழுகும் தட்டோட்டை மாற்ற 80,000. மாடி வேலைதான் முதலில். இல்லையென்றால் ஐப்பசி மழைக்கு மறுபடி துருப்பிடிக்கும்.

பணம் கூட்டுக் கணக்கில் இருக்கிறது, எடுக்க இருவர் கையெழுத்து வேண்டும். ஒப்பந்தக்காரருக்கு முடிந்த வேலைக்கு மட்டும் காசோலை. அதிலும் பத்தில் ஒரு பங்கை மழை தாண்டும்வரை பிடித்து வைக்கிறோம். அவருக்கு இதில் கொஞ்சம் முகச்சுளிப்புதான்.

நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை உண்டென்று ஓர் அண்ணா எழுதியிருந்தார். 80ஜி பதிவு இருந்தால்தான் உண்டு. நம் சங்கத்துக்கு இல்லை. தன் வீட்டுக் கூரை ஒழுகலுக்கு ஆள் கேட்ட அக்காவுக்குத் தனியே சொல்கிறேன். வயரிங் செலவு எவ்வளவு என்று இன்னும் தெரியவில்லை. அதற்கு இப்போது வசூல் இல்லை.