மீட்டரை கன்ட்ரோல் ரூமுக்கு மாற்றியதும் ரீடிங் குறைகிறது, சிடி கிளாஸ் பிரச்சினையா?

மில்_மெயின்டனன்ஸ்: வணக்கம். எங்கள் மில்லில் 1000 கேவிஏ, 11 கேவி/433 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், மெயின் போர்டில் 1600 ஆம்ப் ஏசிபி. மீட்டருக்கு 1600/5, கிளாஸ் 0.5, 5 விஏ சிடி. ரிலேக்குத் தனியாக 1600/5, 5பி10, 15 விஏ. பேனல் கதவில் இருந்த மீட்டரையும் ரிலேயையும் 35 மீட்டர் தள்ளி கன்ட்ரோல் ரூமில் வைத்தோம். ஒவ்வொரு ஃபேஸுக்கும் போக ஒன்று, வர ஒன்று என 2.5 ஸ்கொயர் வயர். முன்பு ஹெச்டி மீட்டரை விட ஒன்றரை சதவீதம் குறைவாகக் காட்டியது, இப்போது பகலில் இரண்டரை, இரவில் ஐந்து. கிளாஸ் 0.2 சிடி வாங்கினால் சரியாகுமா?

பேனல்_பில்டர்: புதிது எதற்கு சார்? ரிலே சிடி 15 விஏ தாங்கும், மீட்டரையும் அதிலேயே சீரியஸில் போட்டுவிடுங்கள். 5 விஏ போதாதது தான் கோளாறு.

ரிலே_டெஸ்டர்: 5 விஏ போதாது என்பது சரி, மருந்து தான் தப்பு. 5பி சிடியில் முழு கரன்ட்டிலேயே ஒரு சதவீதம் வரை பிழை இருக்கலாம். ஃபால்ட் வந்தால் பத்து மடங்கு கரன்ட் மீட்டருக்குள்ளும் பாயும். மீட்டர் சிடி சீக்கிரம் சாச்சுரேட் ஆவது மீட்டரைக் காப்பாற்றத்தான். அதே காரணத்தால் மீட்டர் சிடியை ரிலேக்குக் கொடுக்கவும் கூடாது.

மில் தம்பி, 0.2 வாங்கினாலும் வயர் அதே வயர் தானே. லோடு ஓடும்போது சிடியின் எஸ்1, எஸ்2 முனைகளுக்கு இடையே ஏசி வோல்ட் பாருங்கள், கிளாம்ப் மீட்டரில் செகண்டரி கரன்ட்டும் பாருங்கள். வயரைக் கழற்றவே வேண்டாம். ஓடும் சிடியின் செகண்டரி திறந்தால் ஆளைக் கொல்லும் வோல்டேஜ் வரும்.

சோலார்_சர்வீஸ்: எனக்கும் இதே தொல்லை. ஒரு ஹாஸ்டலில் 100/5 சிடி, ஒரு ஃபேஸில் மட்டும் கிலோவாட் மைனஸில் வருகிறது. வயர் நீளம் தான் காரணமா?

ரிலே_டெஸ்டர்: இல்லை, உங்களுடையது வேறு. அந்த சிடி திரும்பி மாட்டியிருக்கும், அல்லது எஸ்1 எஸ்2 மாறியிருக்கும். தனி இழை போடுங்கள்.

மில்_மெயின்டனன்ஸ்: பார்த்தேன் அண்ணா. லோடு 900 ஆம்ப், செகண்டரி 2.8 ஆம்ப், வோல்ட் 1.5.

ரிலே_டெஸ்டர்: அப்படியானால் 0.54 ஓம். 5 ஆம்பில் அது 13 விஏக்கு மேல். உங்கள் சிடிக்கு எழுதியிருப்பது 5. கிளாஸ் 0.5 என்ற வாக்கு அந்த 5 விஏக்குள் இருக்கும் வரை தான். மீட்டர் எடுப்பது சொற்பம், மீதி எல்லாம் வயர். மீட்டரைப் பேனலுக்கே திருப்பிக் கொண்டுபோய், ஆர்எஸ்485 கேபிளில் ரீடிங்கை மட்டும் கன்ட்ரோல் ரூமுக்கு எடுங்கள். செலவும் குறைவு.

ஆனால் இரவு ஐந்து சதவீதத்தை சிடி தலையில் கட்டாதீர்கள். இரவு லோடு எவ்வளவு?

மில்_மெயின்டனன்ஸ்: 30 கிலோவாட் வாக்கில்.

ரிலே_டெஸ்டர்: அந்த டிரான்ஸ்ஃபார்மர் சும்மா நின்றாலே ஒன்றரை கிலோவாட் வாக்கில் தின்னும், டெஸ்ட் சர்டிஃபிகேட்டில் பாருங்கள். ஹெச்டி மீட்டர் அதையும் எண்ணும், உங்கள் மீட்டர் எண்ணாது. 30-ல் ஒன்றரை என்றால் ஐந்து சதவீதம். அப்புறம் 1600 ஆம்ப் சிடியில் நாற்பது சொச்சம் ஆம்ப் என்பது மூன்று சதவீதம் கூட இல்லை. கிளாஸ் 0.5 சிடிக்கு ஐந்து சதவீதத்துக்குக் கீழே உத்தரவாதமே கிடையாது. இரவுக் கணக்கு முக்கியம் என்றால் 0.5எஸ் கேளுங்கள், அதற்கு ஒரு சதவீதம் வரை வரம்பு உண்டு.

இதைவிட எனக்குக் கவலை ரிலே. டிரான்ஸ்ஃபார்மர் இம்பீடன்ஸ் 5 சதவீதம் என்றால் பேனலில் ஃபால்ட் கரன்ட் 26 கிலோஆம்புக்கு மேல், 1600-ல் 16.7 மடங்கு. சிடியின் உள் ரெசிஸ்டன்ஸை வைத்து, அதே நீள வயருக்கு:

```
10 × (Rct + 0.6) / (Rct + 0.54)
```

Rct 0.4 என்றால் 10.6 மடங்கு, அதாவது 17 கிலோஆம்பில் சாச்சுரேஷன். இன்ஸ்டன்டேனியஸ் ஆறு மடங்கில் இருந்தால் பெரும்பாலும் எடுத்துவிடும். நேரம் பார்த்து டிரிப் ஆகும் பகுதி தான் பெரிய ஃபால்ட்டில் கரன்ட்டைக் குறைவாகப் பார்த்துத் தாமதிக்கும்.

பேனல்_பில்டர்: 6 ஸ்கொயர் வயர் இழுத்தால்?

ரிலே_டெஸ்டர்: 15, 16 மடங்கு வரும், இன்னும் கொஞ்சம் எட்டாது. சிடி மாற்றுவதாக இருந்தால் 1600/1 போங்கள். 1 ஆம்பில் அதே வயர் அரை விஏ தான். Rct 6 ஓம் என வைத்தாலும் 15 விஏ சிடி 30 மடங்கைத் தாண்டும். ரிலேயில் 1 ஆம்ப் இன்புட் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மில்_மெயின்டனன்ஸ்: மீட்டரைப் பேனலுக்கே மாற்றிவிட்டோம். பகல் வித்தியாசம் பழையபடி ஒன்றரைக்கு வந்துவிட்டது, இரவில் மட்டும் ஏறக்குறைய அதே ஐந்து. ரிலே சிடியின் Rct தட்டில் இல்லை, பேனல் கொடுத்தவர்களிடம் டெஸ்ட் ரிப்போர்ட் கேட்டிருக்கிறேன். அடுத்த ஷட்டவுனில் நாமே அளந்தால் மல்டிமீட்டர் போதுமா?

ரிலே_டெஸ்டர்: அரை ஓமுக்கு மல்டிமீட்டரை நம்ப முடியாது, லீட் ரெசிஸ்டன்ஸே அதற்குச் சமமாக இருக்கும். டிசி 1 ஆம்ப் விட்டு, சிடி முனையில் வோல்ட் பாருங்கள். முடிந்ததும் கரன்ட்டை மெதுவாக இறக்குங்கள். அப்புறம் டீமேக்னடைஸ் செய்யாமல் சர்வீசில் போடாதீர்கள்.