கேட்டரிங் டெஸ்ட்ல ரெண்டு சட்டி எண்ணெய வச்சு "எதைக் கொட்டுவே"ன்னு கேட்டாங்க, உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

பாலக்கோடு பொண்ணு

தர்மபுரில எங்களுக்கு கேட்டரிங் ட்ரேட் பிராக்டிகல் முடிஞ்சுது. சமையல் பார்ட் எல்லாம் பிரச்சனை இல்லாம போச்சு, கடைசில வந்த எண்ணெய் கேள்விக்குத்தான் இன்னும் எங்க பேட்ச் குரூப்ல சண்டை ஓடிக்கிட்டு இருக்கு.

டேபிள் மேல ரெண்டு சட்டி. ஒண்ணுல எண்ணெய் டீ டிக்காஷன் கணக்கா கருப்பு, அன்னைக்கு மத்தியானம் சில்லி சிக்கன் போட்டது, அதுக்கு முன்னாடி புது எண்ணெய்னு சொன்னாங்க. இன்னொண்ணு நல்ல வெளிர் மஞ்சள், பூரியும் அப்பளமும் மட்டும் போட்ட சன்ஃப்ளவர், குறையக் குறைய கொஞ்சம் கொஞ்சமா புதுசு ஊத்திக்கிட்டே வந்தது, முழுசா மாத்துனதே இல்லையாம். எதைக் கொட்டணும், ஏன் கொட்டணும்னு வைவால சொல்லணும், எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்குன்னு சதவீதத்துல காட்டற மீட்டர கடைசிலதான் வைப்பாங்க.

பாதிப் பேரு பாத்ததும் கருப்பைக் காட்டிட்டாங்க. நான் "சார், ரெண்டையும் சூடு பண்ணி ஒவ்வொரு பூரி போட்டுப் பாக்கலாமா"ன்னு கேட்டேன், பாருன்னாரு. கருப்பு சட்டில கொப்புளம் பெருசு பெருசா வந்து உடைஞ்சுது, பூரிய எடுத்த கொஞ்ச நேரத்துல எல்லாம் அடங்கிருச்சு. வெளிர் சட்டில பொடி நுரையா கிளம்பி சட்டி ஓரம் வரைக்கும் ஏறி வந்துச்சு, பூரிய எடுத்தப்புறமும் உடையாம அப்படியே மேல நிக்குது. கரண்டில மோந்து ஊத்துனா புது எண்ணெய் மாதிரி சலசலன்னு விழல, கெட்டியா இழுத்துக்கிட்டு விழுது. இன்னும் சரியா காயறதுக்குள்ள லேசா புகை வேற. இதைத்தான் கொட்டணும்னு சொன்னேன். மீட்டர் வச்சாங்க, கருப்பு 16, வெளிர் 28, 25 தாண்டக்கூடாது.

இதுவரைக்கும் ஓகே. அப்புறம் அவரு கேட்டதுதான் சண்டைக்குக் காரணம். "இந்த சட்டில 6 லிட்டர் இருக்கு, 3 லிட்டர எடுத்துட்டு புதுசு 3 லிட்டர் ஊத்துனா 25க்குக் கீழ வந்துரும்ல, அப்ப வச்சுக்கலாமா?" நான் கூடாதுன்னேன், ஏன்னு அவரு கேக்கல, அடுத்த ஆள கூப்பிட்டுட்டாரு. இந்த மாதிரி கேள்வி வேற யாருக்காச்சும் வந்துச்சா?

ஓசூர் மெஸ்காரன்

இதுல என்னங்க குழப்பம், எண்ணெய மூணு தடவைக்கு மேல யூஸ் பண்ணக்கூடாது, அதான் சட்டம், அதை எழுதிருந்தா ஃபுல் மார்க். கருத்துப் போச்சுன்னா எண்ணெய் செத்துப் போச்சு, எங்க அப்பா காலத்துல இருந்து அப்படித்தான் பாக்குறோம். ஆனா ஒண்ணு, நுரை கெட்ட அறிகுறிங்கறது கரெக்டு, எங்க போண்டா சட்டி பழசானா பொங்கும். மீட்டர் எல்லாம் வேஸ்ட், பேப்பர் ஸ்ட்ரிப் இருக்கு, முக்கி எடுத்தா கலர் மாறும், அது போதும்.

கிருஷ்ணகிரி லேப் பெருசு

மெஸ்கார தம்பி சொல்றதுல நுரை மட்டும்தான் உருப்படி, கோவிச்சுக்காதீங்க.

மூணு தடவைங்கறது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. குடுக்கற அட்வைஸ். கடைக்காரனப் புடிக்கற ரூல் வேற, எண்ணெய் கெடக் கெட அதுல சேர்ற டோட்டல் போலார் காம்பவுண்ட், அதான் மீட்டர் காட்டற நம்பர், 25 சதவீதத்தைத் தாண்டுன எண்ணெய உபயோகிக்கக்கூடாது, 2018 ஜூலைல இருந்து அமல்ல இருக்கு. தடவைன்னு எதை எண்ணுவீங்க? காலைல ஏத்துன சட்டி ராத்திரி வரைக்கும் இறங்கலேன்னா அது ஒரு தடவையா?

கருப்பு விஷயத்துக்கு வர்றேன். சில்லி சிக்கன் சட்டி கருத்தது மிளகாத்தூள், மாவுத்தூள், கறில இருந்து வந்த சத்து எல்லாம் தீஞ்சதால. அது நல்லதுன்னு சொல்லல, வடிகட்டியே ஆகணும், விட்டா அந்தத் தூளே எண்ணெய சீக்கிரம் கெடுத்துரும். ஆனா அந்தக் கலர் போலார் காம்பவுண்ட் இல்ல. பூரி சட்டில கலர் ஏத்தறதுக்கு ஒண்ணுமே விழல, அதனால வெளுப்பா இருந்துக்கிட்டே உள்ள கெட்டுப் போச்சு. பூரில இருந்து வர்ற ஆவி எண்ணெய உடைக்குது, அதுல ஆசிட் வெளிய வருது, புகை சீக்கிரம் வர்றது அதனாலதான். காத்தும் சூடும் சேந்து இன்னொரு வேலை பண்ணுது, எண்ணெய்த் துகள் ஒண்ணோடொண்ணு ஒட்டிப் பெருசாகி எண்ணெய் தடிக்குது. தடிச்ச எண்ணெய்ல ஆவி மாட்டிக்கிட்டா கொப்புளம் லேசுல உடையாது, பாப்பா பாத்த பொடி நுரை அதான். சன்ஃப்ளவர் இதுல ரொம்ப வீக்கு, பாமாயில் கொஞ்சம் தாங்கும்.

ஸ்ட்ரிப் பத்தி. நாம பாத்த ஸ்ட்ரிப்பெல்லாம் அந்த ஆசிட்ட மட்டும்தான் காட்டும், தடிச்ச பங்கக் காட்டாது. ஸ்ட்ரிப் பாஸ், மீட்டர் ஃபெயில்னு வர்றது சகஜம். மீட்டரும் கடைசித் தீர்ப்பு இல்ல, அது எண்ணெய்க்குள்ள மின்சாரம் சம்பந்தப்பட்ட ஒரு குணத்த அளந்து சதவீதமா மாத்திக் காட்டுது. கேஸுன்னு வந்தா லேப்ல ரெண்டரை கிராம் எண்ணெய சிலிக்கா நெரப்புன குழாய்ல விட்டு, கெடாத கொழுப்ப மட்டும் கழுவி இறக்கி எடை போடுவோம், மேல நின்னு போனது எவ்வளவுன்னு கணக்கு வரும். ஒரு சாம்பிளுக்கே அரை நாள் போயிரும்.

ஒகேனக்கல் ஆத்தோரம்

கொட்டறது எங்கேன்னுதான கேக்கறீங்க? எங்களுக்கும் அதேதான் பிரச்சனை, ஆத்துல ஊத்துனா விட மாட்டாங்க, சாக்கடைல ஊத்துனா அடைச்சுக்குது. நாங்க மீன் வறுக்கறவங்க, டூரிஸ்ட் மீன் வாங்கிட்டு வந்து குடுப்பாங்க, கழுவி மசாலா பெரட்டி போட்டுக் குடுப்போம், லீவு நாள்ல சட்டி இறங்கவே இறங்காது.

மீட்டர்னு சொன்னீங்களே, ஒரு தடவ செக்கிங் வந்தவங்க மீன் சட்டில கிடக்கும்போதே அந்தக் குச்சிய உள்ள விட்டுட்டாங்க, 31ன்னு காட்டுச்சு, எனக்கு உசுரே போச்சு. கூட வந்த ஒரு வயசானவரு மட்டும் மீன எடுக்கச் சொல்லி, கொப்புளம் சுத்தமா நிக்கட்டும்னு அஞ்சு நிமிசம் காத்திருந்து, கலக்கி விட்டு மறுபடி வச்சாரு, 22. குச்சி சட்டி அடில படக்கூடாது, ஓரத்துலயும் படக்கூடாதுன்னு அவங்களுக்கே சொல்லிக் குடுத்தாரு. அவரு இல்லேன்னா அன்னைக்கு எண்ணெயும் போயிருக்கும் மானமும் போயிருக்கும்.

கிருஷ்ணகிரி லேப் பெருசு

அண்ணே, இங்க கேள்வி வேற, இருந்தாலும் நீங்க சொன்னது டெஸ்டுக்குப் போற புள்ளைங்களுக்கு ரொம்ப முக்கியம். தண்ணியே போலார்தான், எண்ணெய்ல ஈரம் இருக்கற வரைக்கும் மீட்டர் கூடத்தான் காட்டும். கழுவுன மீன நல்லா வடிய விட்டுப் போடுங்க, உப்ப சட்டிக்கு மேல தூவாதீங்க, பாதி நுரை குறைஞ்சுரும். பழைய எண்ணெய பயோடீசலுக்கு எடுக்கறவங்க இருக்காங்க. ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல பொரிக்கறவங்க 2019 மார்ச்ல இருந்து ரெக்கார்டு வச்சு அந்த ஏஜென்சிக்குத்தான் குடுக்கணும். நாலஞ்சு மீன் கடை சேந்து ஒரே கேன்ல புடிச்சு வச்சீங்கன்னா வந்து எடுப்பாங்க. யாராச்சும் ரோட்டுக்கடைக்குன்னு கேட்டு வந்தா மட்டும் குடுத்துராதீங்க.

ஊத்தங்கரை கேட்டரிங்

நான் எழுதுன டெஸ்ட்ல வேற மாதிரி. பாக்கெட்ட அப்பத்தான் பிரிச்சு ஊத்துன பாமாயில்ல மீட்டர் வச்சு 9 காட்டுச்சு, பக்கத்துல சன்ஃப்ளவர் புதுசு 5. "புது எண்ணெய் 9 காட்டுதே, கலப்படமா?"ன்னு கேட்டாங்க. நான் மீட்டர் கோளாறுன்னு நினைக்கறேன்னேன், அவரு இல்லைன்னு தலையாட்டிட்டு மேல எதுவும் சொல்லல. இன்னும் எனக்குப் பதில் தெரியாது.

கிருஷ்ணகிரி லேப் பெருசு

பாமாயில்ல டைகிளிசரைடுங்கற ஒரு வகைக் கொழுப்பு பொறப்புலயே அதிகம், அதுவும் போலார்ல சேரும். புது எண்ணெய்க்கு 15 வரைக்கும் அனுமதி இருக்கு, 9 ஒண்ணும் தப்பில்ல. 9ல ஆரம்பிச்சா 25க்கு தூரம் கம்மி, ஆனா ஏர்றது மெதுவா ஏறும்.

இப்ப பாப்பா கேள்வி. கணக்கு சரிதான், 28ல பாதி, புதுசு 6ன்னு வச்சா அதுல பாதி, சேந்து 17 வரும், மீட்டரும் 17தான் காட்டும், பொய் காட்டாது. ஆனா அந்த 17 கருப்பு சட்டியோட 16 மாதிரி இல்ல. தடிச்சது, ஏற்கெனவே ஆக்ஸிஜன் ஏறி நிக்கறது எல்லாம் உள்ளயே இருக்கு, புது எண்ணெய அதுவே புடிச்சுக் கெடுக்கும், அடுத்தாப்ல 25 வர்றதுக்கு முன்னைவிட கம்மி நேரம்தான் ஆகும். 25 தாண்டுனது உபயோகத்துக்கு ஆகாதுன்னு ஆன அப்புறம் அதைப் புதுசுல கலந்து மறைக்கறது என்ன நியாயம்?

ஓசூர் மெஸ்காரன்

சார் அப்ப எங்க ஊர்ல எவனும் கடை நடத்த முடியாது. பெரிய கம்பெனி ஃபிரையர்லயே ஓயாம புதுசு ஊத்திக்கிட்டுத்தான் இருக்கான், அவனுக்கு மட்டும் சரியா?

கிருஷ்ணகிரி லேப் பெருசு

நல்ல கேள்வி தம்பி. அவன் 25 தாண்டுனப்புறம் ஊத்தல, பண்டம் குடிச்ச அளவுக்கு மொதல்ல இருந்தே ஊத்தறான். 6 லிட்டர் சட்டில ஒரு நாளைக்கு பூரி 3 லிட்டர் குடிச்சு நீங்க 3 லிட்டர் ஊத்துனா பழசு தங்கறதுக்கே நேரம் இல்ல, அளவு ஒரு இடத்துல நின்னுரும். அரை லிட்டர்தான் குடிக்குது, மீதி நேரம் சட்டி சும்மா காயுதுன்னா ஏறிக்கிட்டேதான் போகும். டெஸ்ட்ல வச்ச பூரி சட்டி இந்த ரெண்டாவது வகைன்னு நினைக்கறேன். கூட்டம் இல்லாதப்ப தீயக் குறைங்க, அதுவே பாதி எண்ணெயக் காப்பாத்தும்.

பாலக்கோடு பொண்ணு

நன்றி சார். ஆனா எங்க பேட்ச்ல ஒருத்தன் "17ன்னு மீட்டர் காட்டுனா ஆபீசர் என்ன பண்ண முடியும், ரூல் நம்பரத்தான பாக்குது"ங்கறான். அதுக்கு என்ன சொல்றது?

கிருஷ்ணகிரி லேப் பெருசு

அவன் சொல்றதுல பாயிண்ட் இருக்கு. சட்டி முன்னாடி நிக்கற ஆபீசருக்கு அந்த நேரத்து நம்பர்தான் தெரியும், முன்னாடி 28 இருந்ததுக்கு ரெக்கார்டு இருந்தாத்தான் கேள்வி கேக்க முடியும். வைவால கேட்டது ஆபீசர் என்ன பண்ணுவாருன்னு இல்லையே, சட்டி பக்கத்துல நிக்கற நீ என்ன பண்ணுவேன்னுதான.

ஓசூர் மெஸ்காரன்

நம்ம போண்டா சட்டில பாத்தேன், போண்டாவ எடுத்தும் நுரை நிக்குது. ஆனா எண்ணெய் பாக்க தங்கமாத்தான் இருக்கு, கொட்ட மனசு வரல. மீட்டர் விலை கேட்டா தலை சுத்துது, பேருந்து நிலையம் பக்கம் நாலஞ்சு கடை சேந்து ஒண்ணு வாங்கலாம்னு இருக்கோம், வருசா வருசம் ரெஃபரன்ஸ் எண்ணெய் வச்சு சரிபாக்கணும்ங்கறாங்களே, அது ஓசூர்ல எங்க பண்ணுவாங்கன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.